வெள்ளி மலையும் ஒரு பழைய எல்லைக்கோடும்

பெரு நாட்டின் தென்பகுதியில், குஸ்கோ நகரைச் சுற்றியுள்ள ஆண்டிஸ் மலை வட்டாரத்தில் ஒரு கோடு ஓடுகிறது. தரையில் அதற்கு வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. சட்டப்படி அது 1812-லேயே செல்லாமல் போய்விட்டது. கோட்டின் இரண்டு பக்கமும் மலை ஒரே உயரம், குளிர் ஒரே குளிர். விளைவது அதே உருளைக்கிழங்கு, பேசுவது அதே கெச்சுவா மொழி. ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கணக்குகளை வைத்துப் பார்த்தால், கோட்டுக்கு உள்ளே இருக்கும் குடும்பங்களின் நுகர்வு வெளியே இருப்பவர்களைவிட ஏறக்குறைய 25 சதவீதம் குறைவு. வயதுக்கேற்ற உயரம் எட்டாத குழந்தைகளின் பங்கோ உள்ளே சுமார் 6 சதவீதப் புள்ளிகள் கூடுதல். மெலிசா டெல் என்ற பொருளியலாளர் 2010-ல் ‘எக்கனோமெட்ரிகா’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையில் இதைக் காட்டினார்.

அந்தக் கோடு என்ன, அதை யார் போட்டது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு விதி இன்றைய குழந்தையின் உயரத்தை எப்படிக் குறைக்கிறது என்ற கேள்விகளையே இந்த உரை பின்தொடர்கிறது. நாடுகள் ஏன் பணக்கார நாடுகளாகவும் ஏழை நாடுகளாகவும் பிரிந்தன என்ற பெரிய விவாதத்துக்கு இந்தச் சிறிய வழியாகப் போவதற்குக் காரணம் உண்டு. 2024-ஆம் ஆண்டுப் பொருளியல் நோபல் பரிசைப் பெற்ற டாரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் ஆகிய மூவரும் சொல்வதன் சாரம் எளிது. சொத்துக்குப் பாதுகாப்பு, யாவருக்கும் ஒரே சட்டம், விரும்பிய தொழிலில் இறங்கும் வாய்ப்பு, ஆட்சியாளரைக் கேள்வி கேட்கும் வழி ஆகியவை பெரும்பாலோருக்கும் கிடைக்கும் அமைப்பை அவர்கள் உள்ளடக்கும் அமைப்பு என்கிறார்கள். சிலர் நலனுக்காகப் பலரின் உழைப்பையும் விளைச்சலையும் பறிக்க ஏற்பட்டது சுரண்டும் அமைப்பு. முதலாவது நீண்ட காலத்தில் வளம் சேர்க்கிறது. இரண்டாவது அதைத் தடுக்கிறது.

கேட்பதற்கு இது யாரும் மறுக்க முடியாத செய்தியாகத் தோன்றும். சிக்கல் அங்கேதான். வளமான நாட்டைப் பார்த்துவிட்டு “அங்கே அமைப்பு நல்ல அமைப்பு” என்றும், வறிய நாட்டைப் பார்த்துவிட்டு “அங்கே சுரண்டல்” என்றும் பின்னாலிருந்து பெயர் சூட்டுவது சுலபம். நாட்டுக்கு நாடு தட்பவெப்பம், நோய், மண், மொழி, சமயம் எல்லாமே மாறுகின்றன. எது காரணம் என்று பிரித்தெடுக்க, மற்ற எல்லாம் ஒன்றாகவும் அமைப்பு மட்டும் வேறாகவும் இருந்த ஓர் இடம் வேண்டும். அப்படிப்பட்ட இடம் வரலாற்றில் அபூர்வமாகவே கிடைக்கும். ஆண்டிஸ் மலையின் அந்தக் கோட்டருகே கிடைத்தது.

கதை தொடங்குவது கோட்டிலிருந்து வெகுதூரத்தில், இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசியில். அங்கே 1545-ல் ஒரு மலை முழுக்க வெள்ளித் தாது இருப்பது தெரியவந்தது. முதல் இருபது ஆண்டுகள் வேலை எளிது. மேற்பரப்பில் இருந்த தாது செறிவானது. மலைக்காற்றில் எரியும் சிறு உலைகளில் பழங்குடி மக்களே அதை உருக்கி வெள்ளி எடுத்தார்கள். செறிவான தாது தீர்ந்ததும் 1560-களில் உற்பத்தி சரிந்தது. மிச்சமிருந்த மட்டமான தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்க ஒரு வழி உண்டு: அதைப் பொடியாக இடித்து, உப்பும் பாதரசமும் கலந்து, பாதரசம் வெள்ளியைப் பற்றிக்கொண்ட பிறகு சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கிவிடுவது. அந்தப் பாதரசமும் பெருவிலேயே, உவான்காவெலிகா என்ற மலைச் சுரங்கத்தில், 1560-களில் கிடைத்துவிட்டது.

இந்த முறையால் மட்டமான தாதுவும் பொன்னாயிற்று. ஆனால் மட்டமான தாது என்றால் மலை மலையாகத் தோண்ட வேண்டும், சுமக்க வேண்டும், இடிக்க வேண்டும். தாதுவை இடிக்கும் ஆலைகளை ஓட்ட நீர்த்தேக்கங்கள் கட்ட வேண்டும். இத்தனைக்கும் ஆள் எங்கே? கடல்மட்டத்திலிருந்து நான்காயிரம் மீட்டர் உயரத்தில், காற்றே போதாத இடத்தில், குறைந்த கூலிக்கு இருட்டில் இறங்க எவரும் தாமாக வரவில்லை.

1569-ல் ஸ்பானிய அரசப் பிரதிநிதியாக வந்த பிரான்சிஸ்கோ தெ தொலேதோ இதற்கு ஒரு விடை கண்டார். இன்கா அரசர்கள் காலத்தில் ‘மீத்தா’ என்றொரு முறை இருந்தது. ஊர் ஊராக முறைவைத்து ஆட்கள் அரசுக்கு வேலை செய்வார்கள். தொலேதோ பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றினார். 1573 முதல், இருநூறுக்கும் மேற்பட்ட பழங்குடி ஊர்கள், தங்கள் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவரை ஆண்டுதோறும் பொத்தோசிக்கோ உவான்காவெலிகாவுக்கோ அனுப்பியாக வேண்டும் என்று ஆணை பிறந்தது. எந்த ஊர்கள் அடங்கும் என்பதற்கு இரண்டே அளவுகோல்: சுரங்கத்துக்கு எவ்வளவு தொலைவு, ஊர் எவ்வளவு உயரம். மலை உச்சியில் வேலை செய்ய மலையில் பிறந்தவனே தாங்குவான் என்பது கணக்கு. அந்தக் கணக்கு வரைந்ததுதான் கோடு. உள்ளே விழுந்த ஊர் 1573 முதல் 1812 வரை ஆள் அனுப்பியது. வெளியே விழுந்த ஊர் அனுப்பவில்லை.

பொத்தோசிக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 13,000 பேர் போக வேண்டியிருந்தது. டிட்டிக்காக்கா ஏரிப் பக்கத்திலிருந்து கிளம்பியவர்கள் மனைவி மக்களோடும், உணவு சுமக்கும் லாமா மந்தைகளோடும் இரண்டு மாதம் நடந்தார்கள். போனவர்கள் மூன்று அணிகளாகப் பிரிந்து, ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்று முறை இருந்தது. ஏட்டில் மட்டும். தோல் கயிற்று ஏணிகளில் தாது மூட்டையோடு ஏறி இறங்கியவர்களுக்குக் கிடைத்த கூலி ஊர் திரும்பும்வரை சாப்பிடப் போதாது. ஆகவே ‘ஓய்வு’ வாரங்களிலும் வேறு கூலிவேலை தேடினார்கள். ஊரார் பின்னால் உணவும் பணமும் அனுப்பினார்கள். அதாவது சுரங்கத்தின் உழைப்புச் செலவில் ஒரு பகுதியைத் தொலைவில் இருந்த ஏழை ஊர்களே கட்டிக்கொண்டிருந்தன. சுரண்டல் என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான கணக்கு வேண்டியதில்லை.

ஆள் கொடுக்கும் பொறுப்பு குராக்கா எனப்பட்ட ஊர்த்தலைவருடையது. ஆள் குறைந்தால் மாற்றாள் பிடிப்பதற்கான கூலியை அவர் கொடுக்க வேண்டும். நாளடைவில் சுரங்க முதலாளிகள் பலருக்கு ஆளைவிடப் பணமே இனித்தது. சுரங்கத்தில் தாது தேய்ந்துவிட்டால், ஆளை இறக்கி வேலை வாங்குவதில் நட்டம்; வராத ஆளுக்கான பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் லாபம். இப்படி வந்த ‘ஆட்களுக்கு’ அக்காலத்தில் சட்டைப்பை இந்தியர்கள் என்றே பெயர் இருந்தது. உற்பத்திக்காகப் பிறந்த விதி, உற்பத்தியே இல்லாமல் ஊர்களிடமிருந்து பணம் கறக்கும் உரிமையாக மாறியது. ஒரு சுரண்டும் அமைப்பு தன் முதல் நோக்கம் தீர்ந்த பிறகும் ஏன் சாவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடுவது கடினம். அதை நம்பிப் பிழைக்கிறவர்கள் சாக விடமாட்டார்கள்.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? ஓடினார்கள். மீத்தா ஒருவன் பிறந்த ஊரோடு ஒட்டிய கடமை. ஊரை விட்டு வேறிடம் போய் ‘வெளியூரான்’ என்று பதிந்துகொண்டால் தப்பலாம். ஆனால் ஊருக்கு விதித்த தலைக்கணக்கு உடனே குறையாது. ஓடியவன் பங்கும் இருப்பவன் தலையில் விழும். அதனால் மேலும் சிலர் ஓடுவார்கள்.

இங்கேதான் டெல் செய்த வேலையின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உள்ளே இருந்த எல்லா ஊரையும் வெளியே இருந்த எல்லா ஊரையும் ஒப்பிட்டிருந்தால் அந்த ஆய்வு பயனற்றுப் போயிருக்கும். கோட்டின் சில பகுதிகள் மலைச்சரிவை ஒட்டியே போகின்றன. அங்கே ஒரு பக்கம் உச்சி, மறுபக்கம் பள்ளத்தாக்கு. அந்தப் பகுதிகளை அவர் ஒதுக்கிவிட்டார். கோடு மலையின் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் இடத்தை மட்டும் எடுத்து, அங்கும் கோட்டை ஒட்டிய ஊர்களையே ஒப்பிட்டார். உயரம், பழங்குடி மக்களின் பங்கு ஆகியவற்றில் இருபுறமும் வேறுபாடு இல்லை என்று காட்டினார். அதைவிட முக்கியமான சோதனை இன்னொன்று. மீத்தாவுக்குச் சற்று முன்பே தொலேதோவின் அதிகாரிகள் ஊர்வாரியாகத் தலைவரி நிர்ணயித்திருந்தார்கள். அந்த வரி ஊரின் வசதியைப் பொறுத்தது. கோட்டின் இரு பக்கமும் அது கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ஆக, கோடு போடும்போது உள்ளே விழுந்த ஊர் ஏற்கெனவே ஏழை ஊர் அல்ல.

கெட்டிக்காரர்கள் எல்லாம் வெளியே குடிபெயர்ந்துவிட்டதால் உள்ளே வறுமை தெரிகிறதோ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெளிப்பக்கத்தில் மிக வசதியான வீடுகளில் ஒரு பகுதியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டும் டெல் பார்த்தார். இடைவெளி மறையவில்லை.

இதுவரை வந்தது நோபல் மூவருக்குச் சாதகமான சாட்சியம். இடம் ஒன்று, மக்கள் ஒன்று, அமைப்பு வேறு, விளைவும் வேறு. ஆனால் 1812-ல் முடிந்த விதி இன்றுவரை வந்து சேர்ந்த பாதையைப் பார்க்கும்போது கதை திசை திரும்புகிறது. பலரும் இந்த ஆய்வை மேற்கோள் காட்டும்போது இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கோட்டுக்கு வெளியே என்ன இருந்தது? சுதந்திரமான சிறு விவசாயிகள் இருக்கவில்லை. ‘அசியெண்டா’ எனப்பட்ட பெரும்பண்ணைகள் இருந்தன. ஸ்பானிய வம்சத்து நிலக்கிழார்கள், அவர்களின் கீழே நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாட்கள். கோட்டுக்கு உள்ளே அரசு அந்தப் பண்ணைகளை வளரவிடவில்லை. இரக்கம் காரணமல்ல: பண்ணையார் வந்தால் சுரங்கத்துக்கு வேண்டிய ஆட்களை அவர் பிடித்து வைத்துக்கொள்வார் என்ற பயம். எனவே உள்ளே நிலம் ஊர்ப் பொதுவில் இருந்தது. ஆள் கொடுக்கும் கடமைக்கு ஈடாக அந்தப் பொதுவுரிமையை அரசு அங்கீகரித்தது.

பெரு 1821-ல் விடுதலையை அறிவித்த பிறகு, பழைய பொதுநில உரிமையைப் புதிய குடியரசு ரத்து செய்தது. அதற்குப் பதிலாக நம்பத்தகுந்த தனிப்பட்டா எதையும் கொடுக்கவில்லை. கோட்டுக்கு உள்ளே இருந்த உழவன் கையில் நிலம் இருந்தது, பத்திரம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கம்பளி ஏற்றுமதி சூடுபிடித்து மேய்ச்சல் நிலத்துக்கு விலை ஏறியதும் பறிப்பு தொடங்கியது. கலவரம், எழுச்சி, கால்நடைத் திருட்டு எல்லாம் பழைய மீத்தா வட்டங்களில் அதிகமாயின. நாளைக்கு யாருடையது என்று தெரியாத நிலத்தில் எவன் கிணறு வெட்டுவான்?

வெளியே இருந்த பண்ணையார் நல்லவர் அல்ல. ஆனால் அவருக்கு லீமாவில் ஆள் இருந்தது. தன் விளைச்சல் சந்தைக்குப் போகச் சாலை வேண்டும் என்று கேட்கவும், கேட்டதை வாங்கவும் அவரால் முடிந்தது. அந்தச் சாலை அவர் பண்ணையாட்கள் இருந்த ஊர் வழியாகவும் போயிற்று. 1969-ல் நிலச் சீர்திருத்தம் பண்ணைகளை உடைத்தது. பண்ணையார்கள் போனார்கள், சாலைகள் இருந்தன. மீத்தா வட்டங்களில் சாலைகள் இன்றும் குறைவு என்று டெல்லின் தரவுகள் காட்டுகின்றன. சாலை இல்லாத ஊரில் உழவன் விற்பதற்குப் பயிரிடுவதில்லை, சாப்பிடுவதற்கே பயிரிடுகிறான். 25 சதவீத இடைவெளிக்கு ஒரு காரணம் அங்கே இருக்கிறது.

எனவே இந்த ஆய்வு ஒப்பிடுவது சுரண்டலையும் சமத்துவத்தையும் அல்ல. ஒரு வகைச் சுரண்டலையும் இன்னொரு வகைச் சுரண்டலையும்தான். இரண்டில் ஒன்று, தன் சுயநலத்துக்காகவேனும், அரசை ஊருக்குள் இழுத்துவந்தது. மற்றது ஊரை அரசின் கணக்கேட்டில் வெறும் ஆள் எண்ணிக்கையாக வைத்திருந்தது.

இதைத் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு சாட்சியத்தோடு வைத்துப் பார்க்கலாம். அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டிஷ் இந்தியாவின் மாவட்டங்களை நிலவரி முறைப்படி பிரித்தது. 1793-ல் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் நிலையாக்கிய ஜமீன்தாரி ஒரு பக்கம். தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்தில் ஆளுநராக இருந்து 1820-களில் பரப்பிய ரயத்துவாரி மறுபக்கம். விடுதலைக்குப் பின், குறிப்பாகப் பசுமைப் புரட்சி வந்த 1960-களின் நடுவிலிருந்து, ஜமீன்தாரி இருந்த மாவட்டங்கள் விளைச்சலிலும் பள்ளி, மருத்துவமனை போன்ற பொதுவசதிகளிலும் பின்தங்கின. ஜமீன்தாரி முறையே அதற்குள் ஒழிக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெருவில் நிலக்கிழார் இருந்த பக்கம் மேல். இந்தியாவில் நிலக்கிழார் இல்லாத பக்கம் மேல். முரண்பாடாகத் தெரியும் இது, ஒப்பிட்ட மறுபக்கம் என்ன என்று கேட்டால் தெளிந்துவிடும். ரயத்துவாரியில் உழவன் பெயரில் பட்டா இருந்தது. அதை அடகு வைக்கலாம், விற்கலாம், வழக்காடலாம். வரி அவனிடமிருந்தே நேரடியாக வந்ததால் அவன் வயலுக்குத் தண்ணீர் வருகிறதா என்பதில் அரசுக்கும் அக்கறை இருந்தது. மீத்தா ஊரின் உழவனுக்குப் பட்டாவும் இல்லை, பேச ஆளும் இல்லை.

மன்றோவின் முறையை உள்ளடக்கும் அமைப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. பட்டா கிடைத்தது நிலம் வைத்திருந்த சாதிகளுக்கு. தஞ்சைச் சமவெளியின் பண்ணையாட்கள் ரயத்துவாரியின் கணக்கில் எங்குமே வரவில்லை. தென்மாவட்டங்களில் ராமநாதபுரம், சிவகங்கை போன்ற பாளையங்கள் ஜமீன்களாக நீடித்தன. உள்ளடக்கும் அமைப்பு, சுரண்டும் அமைப்பு என்ற இரண்டு பெட்டிகளில் ஒரே மாகாணத்தைக்கூட அடைத்துவிட முடிவதில்லை.

இந்த இரட்டைப் பெட்டியை இன்னும் தொல்லைப்படுத்தும் சாட்சியம் ஜாவாவிலிருந்து வருகிறது. அதைத் திரட்டியவர்களில் ஒருவர் அதே டெல். பெஞ்சமின் ஓல்கனோடு சேர்ந்து 2020-ல் அவர் வெளியிட்ட ஆய்வு டச்சுக்காரர்களின் கட்டாயக் கரும்புச் சாகுபடியைப் பற்றியது. 1830-களில் தொடங்கிய அந்த முறையில் ஆலையைச் சுற்றியுள்ள ஊர்கள் தம் நிலத்தில் ஆலைக்காகக் கரும்பு பயிரிட்டாக வேண்டும். சுரண்டல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆலைகள் இருந்த இடத்தையொட்டிய ஊர்களில் இன்று தொழில் அதிகம், சாலையும் பள்ளியும் அதிகம். கரும்பு, வெட்டியதும் உடனே பக்குவம் செய்ய வேண்டிய பொருள். அதற்கு ஆலை, தண்டவாளம், வண்டிப்பாதை, சந்தை எல்லாம் அங்கேயே வேண்டும். கரும்பு போன பிறகும் அவை நின்றன. பொத்தோசி வெள்ளி மீத்தா ஊர்களில் எதையும் கட்டவில்லை, ஏனென்றால் ஊரிலிருந்து அது எடுத்தது மனிதனை மட்டும்தான். அன்று அடிபட்ட ஜாவா உழவனுக்கு இதனால் ஆறுதல் எதுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்; நீண்ட காலப் பயன் என்ற கணக்கில் அன்றைய துயரம் செலவில் வைக்கப்படுவதே இல்லை.

நாடுகள் அளவில் நோபல் மூவர் 2001-ல் வைத்த புகழ்பெற்ற வாதத்துக்கு இத்தனை உறுதியான தரை கிடையாது. ஐரோப்பியர்கள் மலேரியாவிலும் மஞ்சள் காய்ச்சலிலும் செத்த குடியேற்ற நாடுகளில் அவர்கள் தங்கவில்லை, பறித்துக்கொண்டு போகும் அமைப்பையே வைத்தார்கள். பிழைத்த இடங்களில் தங்களுக்காக நல்ல அமைப்பைக் கட்டினார்கள். அந்த வேறுபாடே இன்றைய வருமான வேறுபாடு என்பது அவர்களின் வாதம். யோசனை அபாரமானது. ஆனால் அவர்கள் எடுத்த 64 நாடுகளில் 36 நாடுகளுக்கான சாவு விகிதம் வேறு நாடுகளிலிருந்து கடன் வாங்கியது என்று டேவிட் ஆல்பூயி பின்னர் சுட்டிக்காட்டினார். எட்வர்ட் கிளேசரும் அவர் குழுவினரும் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார்கள்: குடியேறியவர்கள் கொண்டுவந்தது அமைப்பை மட்டுமல்ல, தங்கள் கல்வியையும்தான், வளர்ச்சிக்குக் காரணம் கல்வியாக ஏன் இருக்கக்கூடாது? மூவரும் பதில் சொல்லியிருக்கிறார்கள். விவாதம் மூடப்படவில்லை.

லத்தீன் அமெரிக்காவின் பின்னடைவுக்குப் பெருநிலக்கிழார்களே காரணம் என்று பொருளியல் வரலாற்றாசிரியர்கள் ஸ்டான்லி எங்கர்மனும் கென்னத் சொக்கொலாஃபும் நெடுங்காலம் வாதிட்டு வந்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்த ஒப்பீடு வட அமெரிக்கா: சொந்த நிலமும் ஓட்டும் உள்ள சிறு உழவன். மீத்தா ஆய்வு அந்த வாதத்தை உடைக்கவில்லை. அந்த உழவன் ஆண்டிஸ் மலையில் கோட்டின் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை என்று மட்டும் டெல் எழுதினார். அவன் இருந்திருந்தால் மூன்றாவதாக ஒரு பக்கமும் ஒப்பிடக் கிடைத்திருக்கும். அந்தப் பக்கத்துக் கணக்கை இன்று எந்தத் தரவைக் கொண்டும் எடுக்க முடியாது.